வீட்டுக்கு எத்தனை மணிக்குப் பேசுவீர்கள்?

பிரிட்டனில் மேற்படிப்புக்காகச் செப்டம்பரில் போய் இறங்கும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழக வாசலிலேயே இலவச சிம் கார்டுகளை நீட்டுவார்கள். எந்த சிம்மைப் போடுவது, எந்தத் திட்டத்தை எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: ஊருக்கு எந்த நேரத்தில் பேசப் போகிறீர்கள்?

அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனைவிட இந்தியா நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும். அதன் பிறகு மார்ச் கடைசி வரை ஐந்தரை மணி நேரம். நவம்பரில் நீங்கள் இரவு ஏழு மணிக்கு அறைக்குத் திரும்பி, சமைத்து முடித்து, போனை எடுத்தால் ஊரில் நள்ளிரவைத் தாண்டியிருக்கும். அம்மா விழித்திருக்கும் நேரத்தில் பேச வேண்டுமானால் அங்கே மாலை நாலு, நாலரைக்குள் பேசியாக வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் பஸ்ஸிலோ, வகுப்பு முடிந்து நடந்துகொண்டோ இருப்பீர்கள். விடுதியில் இலவச வைஃபை இருப்பது நல்லதுதான். ஆனால் வார நாட்களில் வீட்டுக்குப் பேசும் பொழுது பெரும்பாலும் அந்த வைஃபையின் எல்லைக்கு வெளியே விழுகிறது. அந்த அழைப்புகளின் செலவை உங்கள் பிரீபெய்டு திட்டம்தான் தாங்க வேண்டும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். தேனியிலிருந்து லெஸ்டர் நகரத்துக்கு ஓராண்டு முதுகலை படிக்கப் போயிருக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது. பாட்டியிடம் பட்டன் போன் மட்டுமே. வார நாட்களில் தினமும் அரை மணி நேரம் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறாள். வீடியோ அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி செலவாகும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 150 எம்பி, 22 நாட்களுக்கு 3.3 ஜிபி. வழி தேடுவது, பஸ் நேரம் பார்ப்பது, இன்ஸ்டாகிராம் எல்லாவற்றுக்கும் இன்னொரு 5 ஜிபி. மொத்தம் எட்டரை ஜிபிக்குள் அடங்கிவிடும். வாரக் கடைசியில் அறையிலிருந்து பேசுவது வைஃபை கணக்கு. 100 ஜிபி திட்டம் அவளுக்குத் தேவையே இல்லை. 10 முதல் 15 ஜிபி போதும்.

பாட்டிக்கு வாட்ஸ்அப் உதவாது; சாதாரண அழைப்புதான் வழி. வாரம் 20 நிமிடம் என்றால் மாதம் 80. ஊரில் நெட் இழுக்காத நாட்களில் அப்பாவையும் சாதாரண அழைப்பில்தான் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு 150 நிமிடம் சேர்த்துக்கொண்டால் மாதம் 230 நிமிடம். ஆக, இந்தியாவுக்கு 300 முதல் 500 நிமிடம் சேர்ந்து வரும் திட்டம் அவளுக்குச் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவை மாதம் 10 பவுண்டைச் சுற்றிக் கிடைக்கின்றன. வெளிநாட்டு நிமிடங்கள் சேராத திட்டத்தில் இருந்துகொண்டு அப்படியே இந்தியாவுக்கு டயல் செய்தால், பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் நிமிடத்துக்கு ஒரு பவுண்டுக்கு மேலேயே போய்விடும். பாட்டியுடன் ஒரு ஞாயிறு பேசுவதற்கே இரண்டு மாத ரீசார்ஜ் பணம் கரைந்துவிடும்.

இந்தியாவுக்கு மட்டும் இவ்வளவு நிமிடங்களை அள்ளிக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பைத் தங்கள் வாடிக்கையாளரிடம் சேர்ப்பதற்கு இந்திய நிறுவனங்கள் ஒரு கட்டணம் வாங்குகின்றன. அது நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசாவுக்குள் இருக்க வேண்டும் என்று ட்ராய் 2020இல் வரையறுத்தது. இலங்கைக்கான கட்டணம் இதைவிட மிக அதிகம். அதனால்தான் ‘இத்தனை நாடுகளுக்கு இலவசம்’ என்ற பட்டியலில் இந்தியா இருக்கும், இலங்கை பெரும்பாலும் இருக்காது. யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பேசுகிறவர்கள் விளம்பரத்தோடு நிற்காமல் நாடுகளின் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். லேண்ட்லைனுக்கு மட்டுமா, மொபைலுக்கும் சேர்த்தா என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும்.

இந்தச் சந்தையை வளர்த்ததில் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. லெபாராவை 2001இல் தொடங்கியவர்கள் இலங்கைத் தமிழர் மூவர். லைக்கா மொபைலின் நிறுவனர் சுபாஸ்கரன் அல்லிராஜாவும் இலங்கைத் தமிழரே. இந்த நிறுவனங்களுக்குச் சொந்தமாகக் கோபுரங்கள் கிடையாது. லெபாரா வோடபோன் வலையமைப்பிலும் லைக்கா ஈஈ வலையமைப்பிலும் ஓடுகின்றன. ஆகவே அறைத்தோழிக்கு நன்றாக இழுக்கிறது என்பதற்காக ஒரு சிம்மை வாங்காதீர்கள். தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் அமைப்பின் இணையதளத்தில் உங்கள் விடுதியின் அஞ்சல் குறியீட்டைப் போட்டால், எந்த வலையமைப்பு கட்டடத்துக்குள் எப்படிக் கிடைக்கும் என்று காட்டும். பழைய செங்கல் விடுதிகளில் வாசலில் முழு சிக்னலும் அறைக்குள் ஒரு கோடும் இருப்பது வாடிக்கை.

மாத ஒப்பந்தம் ஏன் வேண்டாம் என்றால், அதற்குக் கடன் வரலாற்றைச் சரிபார்ப்பார்கள். நேற்று வந்திறங்கியவருக்கு அந்த வரலாறே இருக்காது. வங்கிக் கணக்கு திறக்கவும் சில வாரங்கள் ஆகலாம். பிரீபெய்டுக்கு இவை எதுவும் தேவையில்லை. கார்டு வேலை செய்யாவிட்டால் தெருமுனைக் கடையில் ரொக்கம் கொடுத்து டாப்-அப் வவுச்சர் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, திட்டம் 28 நாளா, 30 நாளா என்பது. 10 பவுண்டுக்கு 28 நாள் என்றால் ஆண்டுக்கு 13 முறை கட்டுவீர்கள், 130 பவுண்டு. 30 நாள் திட்டத்தில் அது 122 பவுண்டுக்குள் முடியும். முதல் சில மாதங்கள் பாதி விலை என்று கூப்பிடும் சலுகைகளிலும் அதற்குப் பிறகு வரும் முழு விலையைத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டாவது, திட்டம் முடிந்த மறுநாள். கணக்கில் மீதிப் பணம் இருந்தால், புதுப்பிக்காத சிம்மில் டேட்டாவும் அழைப்பும் தனிக் கட்டணத்தில் அந்தப் பணத்தைத் தின்ன ஆரம்பிக்கும். மீதித் தொகை காரணம் தெரியாமல் குறைகிறதா, முதலில் திட்டத்தின் கடைசி நாளைப் பாருங்கள். தேவைக்கு மேல் பணத்தைப் போட்டு வைக்காமலிருப்பதே பாதுகாப்பு.

ஊர் சிம்மையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். புறப்படும் முன் சர்வதேச ரோமிங்கைச் செயல்படுத்தி, டேட்டா ரோமிங்கை அணைத்து, குறைந்தபட்ச ரீசார்ஜை வீட்டிலிருந்து தொடர்ந்து போடச் சொல்லிவிடுங்கள். போனில் உள்ள எண்களையெல்லாம் +91 சேர்த்துச் சேமித்துக்கொள்ளுங்கள். வெறும் பத்து இலக்கத்தை அழுத்தினால் அங்கிருந்து ஊருக்குப் போகாது.

முதல் மாதத்தைச் சோதனையாக வைத்துக்கொண்டு, கடைசியில் செயலியில் எத்தனை ஜிபி, எத்தனை நிமிடம் போயிருக்கிறது என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் PAC என்று எழுதி 65075க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வரும் குறியீடு 30 நாள் செல்லும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் ஒரு வேலை நாளுக்குள் அதே எண்ணோடு மாறிவிடலாம். மாறுவதற்குக் கட்டணம் இல்லை. ஆகவே முதல் மாதம் எடுத்த திட்டம் சரியில்லை என்றால் அதையே ஆண்டு முழுக்கக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். உங்கள் கணக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.