பூனை முகம் ஏன் தட்டையாகிறது?

வீட்டுப் பூனையின் புகைப்படத்தைக் கட்டம் போட்ட தாளில் வைத்து, கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று எண்ணி ஸ்வெட்டர் பின்னினால், நூலில் வருவது வேறொரு பூனை. முகம் அகன்று, நெற்றி அமுங்கி, யாரோ மேலிருந்து அழுத்தியதுபோல் இருக்கும். பின்னியவர் கையில் பிழை இல்லை. கட்டத்தாளின் கட்டம் சதுரம், கம்பளிப் பின்னலின் கண்ணி சதுரமில்லை என்பதுதான் காரணம்.

சாதாரண முன்பக்கப் பின்னலில் ஒரு கண்ணியின் அகலம் அதன் உயரத்தைவிட அதிகம். நடுத்தர நூலில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 22 கண்ணிகள் வந்தால், அதே 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 30 வரிசைகள் தேவைப்படும். ஸ்வெட்டரின் மார்புப் பகுதியில் 30 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அந்தப் பூனை முகம் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அகலத்துக்கு 66 கண்ணிகள். உயரத்துக்கும் 66 வரிசைகளே வைத்தால் படம் 22 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். வேண்டியது 90 வரிசைகள்.

ஆகவே, சதுரமாக வெட்டிய புகைப்படத்தை 66 புள்ளி அகலம், 90 புள்ளி உயரம் என்று மாற்ற வேண்டும். இலவச மென்பொருளான GIMP-இல் Scale Image பெட்டியைத் திறந்து, அகலத்தையும் உயரத்தையும் பிணைத்திருக்கும் சங்கிலிக் குறியை விடுவித்துவிட்டு இரண்டு எண்களையும் இட்டால் போதும். திரையில் பூனை நெட்டையாகத் தெரியும், தெரியட்டும். பின்னும்போது அந்த நீட்சி அடங்கிவிடும்.

இந்த 22, 30 எல்லாருக்கும் பொதுவான எண்கள் அல்ல. நூல், ஊசி, கையின் இறுக்கம் மூன்றையும் பொறுத்து அவை மாறும். குறைந்தது 15 சென்டிமீட்டர் அளவில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து உலர்த்தி, ஓரங்களை விட்டு நடுவில் அளக்க வேண்டும். மாதிரியை ஒரே நிறத்தில் பின்னி ஏமாறக்கூடாது. இரண்டு நூல்களையும் பின்புறம் இழுத்துக்கொண்டே பின்னும் முறையில் கண்ணி சற்று இறுகி, சதுரத்தை நெருங்குவது வழக்கம். ஒவ்வொரு நிறத் திட்டுக்கும் தனி நூல் உருண்டை வைத்துப் பின்னும் முறையில் அந்த இறுக்கம் இல்லை. ஆடையை எந்த முறையில் பின்னப்போகிறோமோ, மாதிரியும் அதே முறையில் இருக்க வேண்டும்.

அடுத்தது நிறம். புகைப்படத்தில் ஆயிரக்கணக்கான சாயல்கள் இருக்கும். பூனை முகத்துக்கு நான்கு நூல்கள் போதும். GIMP-இல் Mode பட்டியலில் Indexed என்பதைத் தேர்ந்து, நிறங்களின் எண்ணிக்கையை 4 என்று இடலாம். மென்பொருள் பெரும்பாலும் பரப்பைப் பார்த்தே நிறங்களைப் பங்கிடும். பூனைக்குப் பின்னால் பச்சைச் சோபா இருந்தால், நான்கில் இரண்டைச் சோபாவே எடுத்துக்கொள்ளும். மஞ்சள் கண் சாம்பல் ரோமத்தோடு கலந்து காணாமல் போகும். படத்துக்கு உயிரே அந்தக் கண்தான். அதனால் நிறத்தைக் குறைக்கும் முன் பின்னணியை அழித்து ஒரே நிறமாக நிரப்பிவிடுவதுதான் சரி.

அங்கேயே Color dithering என்ற இடத்தில் None என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடைப்பட்ட சாயலைக் காட்டுவதற்காக மென்பொருள் இரு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றித் தூவும். திரையில் அது அழகு. ஊசியில் அதுவே தொல்லை, ஏனென்றால் தனித்து நிற்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நூல் மாற்றம். அப்படியும் மிஞ்சும் ஒற்றைப் புள்ளிகளைக் கையால் அக்கம்பக்கத்து நிறத்துக்கு மாற்றிவிடலாம். கண்ணுக்குள் தெரியும் வெள்ளைப் பொட்டை மட்டும் விட்டுவைத்து, ஆடை முடிந்தபின் தையல் ஊசியால் கண்ணியின் மேலேயே நூலோட்டிக்கொள்வது எளிது.

நூல் வாங்கும்போதும் ஒரு சோதனை உண்டு. நான்கு உருண்டைகளையும் சேர்த்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால், நான்கும் வெவ்வேறு அடர்த்தியில் தெரிய வேண்டும். பழுப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், பத்தடி தள்ளிப் பார்க்கும்போது அந்த இடத்தில் முகத்தின் வடிவம் கலங்கிப்போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெரிய துணியில் கை சற்று இறுகலாம். அதனால் 20 வரிசை முடிந்ததும் அளந்து பார்ப்பது நல்லது. கணக்குப்படி 6.7 சென்டிமீட்டர் வர வேண்டும். 6 மட்டுமே வந்திருந்தால், 90 வரிசைக்குப் படம் 27 சென்டிமீட்டரில் நின்றுவிடும். பிரிக்கத் தேவையில்லை. மீதமுள்ள 24 சென்டிமீட்டருக்கு இப்போது 70 அல்ல, 80 வரிசைகள் வேண்டும். ஏறக்குறைய ஏழு வரிசைக்கு ஒன்றை இருமுறை பின்னினால் சரியாகிவிடும். கண்ணும் மூக்கும் வரும் வரிசைகளைத் தொடாமல், கன்னம், நெற்றி போன்ற ஒரே நிறம் பரந்த இடங்களில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.