மேல்முறையீட்டுக்குப் பதில் இல்லை; அடுத்த கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் நமக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர், சென்ற வாரம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் எழுதிய ஆங்கிலக் கட்டுரையைக் கல்லூரியில் கம்ப்யூட்டரில் சோதித்து, "செயற்கை நுண்ணறிவு எழுதியது" என்று பூஜ்யம் போட்டுவிட்டார்கள். மாணவர் குறைதீர்க் குழுவுக்கு அவன் கொடுத்த மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. இனி பல்கலைக்கழக ஆம்பட்ஸ்மனுக்கு எழுதுவதுதான் வழி.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். நான்கு பக்கம். குடும்பக் கஷ்டம் முழுவதும் இருந்தது. மேல்முறையீடு கொடுத்த தேதி இல்லை. முடிவில், "திரும்பத் திருத்தி மார்க் போட வேண்டும்" என்று இருந்தது. அந்த ஒரு வரியே மனுவைக் கவிழ்த்துவிடும்.

காரணம், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகள். மறுமதிப்பீடு கேட்கும் மனுவை ஆம்பட்ஸ்மன் ஏற்கமாட்டார். முடிவையே பாதித்த குறிப்பிட்ட முறைகேடு ஒன்றைச் சுட்டிக்காட்டினால்தான் ஏற்பார். ஆகவே "மார்க் கொடுங்கள்" என்பதைவிட, "தண்டித்த முறை தவறு" என்பதே வலுவான வாதம்.

இங்கே முறைகேடு இரண்டு. குறைதீர்க் குழு கூடுமானவரை 15 வேலை நாட்களில் அறிக்கை தந்து, நகலை மாணவருக்கும் அனுப்ப வேண்டும் என்கிறது விதி. அது நடக்கவில்லை. அடுத்து, கம்ப்யூட்டர் காட்டிய சதவீதத்தைத் தவிர வேறு சாட்சியம் இல்லை.

அந்தச் சதவீதம் ஊகம்தான். அடுத்து வரும் சொல் எளிதில் யூகிக்கக்கூடியதாக இருந்தால், கருவி சந்தேகப்படும். ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர்கள் பழகிய சொற்களையே எழுதுவார்கள், மாட்டிக்கொள்வார்கள். 2023ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் சோதித்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரைகளை இயந்திரம் எழுதியதாகக் கருவிகள் தவறாகச் சொல்லின.

நம் நாட்டிலேயே ஒரு வழக்கு உண்டு. 2024ல் அரியானாவின் ஜிண்டால் பல்கலைக்கழகத்தில், 88 சதவீதம் இயந்திர எழுத்து என்று எல்.எல்.எம். மாணவர் ஒருவரை ஒரு பாடத்தில் பெயில் ஆக்கினார்கள். அவர் பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டுக்குப் போனார். நோட்டீஸ் போனபின் பல்கலைக்கழகமே உத்தரவை விலக்கிக்கொண்டது, வழக்கு முடிந்தது. அதனால் கருவியின் அறிக்கை செல்லுமா, செல்லாதா என்ற தீர்ப்பு அதில் கிடைக்கவில்லை. இதை வெற்றித் தீர்ப்பு என்று கடிதத்தில் எழுதக்கூடாது.

பையனும் நானும் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் திருத்தி எழுதினோம். மேல்முறையீடு கொடுத்த தேதி, முத்திரையிட்ட நகல், பதில் வராத நாட்கள் முதலில். கட்டுரைக்கு அவன் கையால் எழுதிய குறிப்புகளும், கம்ப்யூட்டரில் தேதியுடன் பதிவான முந்தைய பிரதிகளும் இணைப்பாக. கோரிக்கை மூன்று: கருவியின் முழு அறிக்கையைத் தர வேண்டும், நேரில் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டும், அதுவரை தண்டனையை நிறுத்த வேண்டும்.

குழு முடிவு சொல்லியிருந்தால், அது கைக்கு வந்த 15 நாட்களுக்குள் ஆம்பட்ஸ்மனிடம் போக வேண்டும். அவர் 30 நாட்களில் தீர்க்க முயல வேண்டும் என்பது விதி. கடிதம் ஸ்பீட் போஸ்டில் போயிருக்கிறது. ரசீதைப் பத்திரமாக வைக்கும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன்.