பைக் எங்கே இருக்கிறது?

சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டத் தாள் திருத்த உட்காரும்போதெல்லாம் ஒரு பையன் கடனுக்கு பைக் வாங்கியிருப்பான். ஒரு வருடம் அவன் பெயர் ரவி, அடுத்த வருடம் முத்து. சில சமயம் பைக் போய் தங்கச் சங்கிலி வரும். கேள்வி மட்டும் மாறுவதில்லை. மாணவர்கள் எழுதும் விடையும் பெரும்பாலும் மாறுவதில்லை: மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது, கடைக்காரர் தோற்பார், முற்றும். அந்த விடையில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வியில் பாதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கேள்வியை முதலில் முழுதாகப் படிப்போம்.

"கதிர் 2007 மார்ச் 5 அன்று பிறந்தவன். 2024 ஜூன் 10 அன்று ஒரு ஷோரூமில் 1,15,000 ரூபாய்க்கு பைக் வாங்குகிறான். முன்பணம் 25,000. மீதி 90,000 ரூபாயை மாதம் 5,000 வீதம் 18 தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுக்கிறான். வயதைக் கேட்டதற்கு 19 என்று சொல்லி, பிறந்த வருடத்தைத் திருத்திய ஆதார் நகலைக் காட்டுகிறான். மூன்று தவணை கட்டிவிட்டு நிறுத்திவிடுகிறான். 2025 ஏப்ரலில் கடைக்காரர் நெருக்கவே, மீதியைக் கட்டிவிடுவதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறான். அதையும் செய்யவில்லை. கடைக்காரர் 75,000 ரூபாய்க்கு வழக்குப் போடுகிறார். வழக்கு நிற்குமா?"

இதில் வீணாகப் போட்ட தேதி ஒன்றுகூட இல்லை. 1875-ஆம் ஆண்டு வயதுவரம்புச் சட்டப்படி 18 நிறைந்தால்தான் ஒருவர் மேஜர். பைக் வாங்கிய அன்று கதிருக்கு 17 வயதும் மூன்று மாதமும். ஏப்ரல் மாதத் தாளில் கையெழுத்துப் போட்டபோது 18 தாண்டி ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்தக் கணக்கை விடையின் முதல் இரண்டு வரியிலேயே போட்டுக் காட்டிவிட வேண்டும். "கதிர் ஒரு மைனர்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் கடைசியில் அந்த ஏப்ரல் தாளில் இடறி விழுகிறார்கள்.

நல்ல விடையின் முதல் பத்தி இப்படிப் போகும்:

"இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 11-ஆம் பிரிவு, மேஜரானவரே ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர் என்கிறது. தகுதியில்லாதவர் செய்தால் என்ன ஆகும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதை மோகோரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்கில் 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்தது. மைனரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது. எனவே தவணை ஒப்பந்தத்தின் பேரில் கதிரிடம் 75,000 ரூபாய் கேட்க முடியாது."

அந்த வழக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் தர்மோதாஸ் என்ற மைனர் தன் வீடுகளை அடமானம் வைத்து, வட்டிக்கடைக்காரர் பிரம்மோ தத்திடம் 20,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். பையன் மைனர் என்பது வட்டிக்காரரின் ஆளுக்கு முன்பே தெரியும். பிறகு அடமானத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்கு வந்தது. அதுவரை, மைனரின் ஒப்பந்தம் அடியோடு செல்லாததா, அல்லது அவன் விரும்பினால் மட்டும் விலக்கிக்கொள்ளக்கூடியதா என்று உயர் நீதிமன்றங்களிடையே குழப்பம் இருந்தது. அடியோடு செல்லாது என்று லண்டனில் தீர்ப்பானது. கொடுத்த பணமாவது திரும்பி வருமா என்ற கேள்விக்கும் பதில் இல்லை என்றே வந்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு பெற்ற பலனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் அது தகுதியுள்ளவர்கள் செய்த ஒப்பந்தத்துக்கு மட்டும்தான் என்றார்கள். பாதி விடைத்தாள்கள் இந்த 65-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு கடைக்காரரை ஜெயிக்கவைக்கப் பார்க்கும். அந்தக் கதவு 1903-லேயே மூடிவிட்டது.

இனி கடைக்காரரின் வக்கீல் தேடுவது வேறு வாசலை. முதலில் அவர் போவது 68-ஆம் பிரிவுக்கு. மைனருக்கு அவன் வாழ்க்கை நிலைக்கு ஏற்ற அத்தியாவசியப் பொருளைக் கொடுத்தவர், அதன் மதிப்பை அவனுடைய சொத்திலிருந்து பெறலாம். கவனிக்க வேண்டியது கடைசிச் சொற்களை: சொத்திலிருந்து மட்டும்தான். சொத்தே இல்லாத மைனரைப் பின்னாளில் அவன் சம்பாத்தியத்துக்காகத் துரத்த முடியாது.

பைக் அத்தியாவசியமா? இந்த இடத்தில் மாணவர்கள் தங்கள் சொந்த ஆசையை எழுதிவிடுவார்கள். "இந்தக் காலத்தில் பைக் இல்லாமல் முடியுமா?" என்று ஒரு தாளில் கேட்டிருந்தார்கள். சிரித்துவிட்டு ஒரு மதிப்பெண் போட்டேன். சட்டம் பார்ப்பது இரண்டு விஷயம். பொருள் அவன் நிலைக்குப் பொருந்துகிறதா? வாங்கிய அன்று அது அவனுக்கு உண்மையாகவே தேவைப்பட்டதா? இங்கிலாந்தில் 1908-இல் முடிந்த நாஷ் எதிர் இன்மன் வழக்கில், கேம்பிரிட்ஜில் படித்த ஒரு மைனருக்குத் தையல்காரர் மற்ற துணிகளோடு 11 பகட்டான உட்சட்டைகளும் தைத்துக் கொடுத்தார். பையன் வசதியான வீட்டுப் பிள்ளைதான். ஆனால் போதுமான துணிமணியை அப்பா ஏற்கெனவே வாங்கிக் கொடுத்திருந்தார். தையல்காரர் தோற்றார்.

கதிர் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டப்படி 16 வயதுக்காரர் ஓட்டக்கூடியது 50 சிசிக்கு மேற்படாத வண்டி மட்டும். அதற்கு மேல் ஓட்ட 18 ஆக வேண்டும். ஷோரூமில் ஒரு லட்சத்துக்கு மேல் விற்கிற சாதாரண பைக்கை அவன் வாங்கிய அன்று சட்டப்படி ரோட்டில் எடுக்கவே முடியாது. ஓட்டக்கூடாத வண்டியை அத்தியாவசியம் என்று வாதாடுவது கஷ்டம். மாதிரி விடையில் இந்தப் பத்தி நான்கு வரி போதும். கேள்வியில் பஸ் வசதி பற்றியோ கதிரின் வேலை பற்றியோ தகவல் இருந்தால் அதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். இல்லாத தகவலைக் கற்பனை செய்யக் கூடாது.

அடுத்தது பொய். வயதை மாற்றிச் சொல்லி, ஆதார் நகலைத் திருத்தி ஏமாற்றியவன், பிறகு "நான் மைனர்" என்று சொல்லித் தப்பலாமா? நியாயம் தெரிந்த எவருக்கும் கொதிப்பு வரும். முன்னே சொன்னதைப் பின்னே மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் முரண்தடை விதி. வகுப்பில் எல்லோரும் எஸ்டாப்பல் என்றே சொல்வோம். ஆனால் மைனரைக் காக்கும் சட்டத்தை இந்த விதியால் முறிக்க முடியாது என்பதுதான் இந்திய நீதிமன்றங்களின் நிலை. கதிர் பொய் சொன்னது உண்மை. அதனால் அவனுக்குத் தகுதி வந்துவிடாது, ஒப்பந்தமும் உயிர் பெறாது.

ஆனால் பொய்க்கு ஒரு விலை உண்டு. அதற்கான வாசலைத் திறந்தது லாகூர் உயர் நீதிமன்றம். 1928-இல் கான் குல் எதிர் லக்கா சிங் வழக்கில், வயதை மறைத்து நிலத்தை விற்பதாகப் பணம் வாங்கிய மைனர் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முழு அமர்வில் பெரும்பான்மை சொன்னது. இங்கிலாந்தில் அதற்குப் பதினான்கு வருடம் முன்பு லெஸ்லி எதிர் ஷீல் வழக்கில் நேர்மாறாகத் தீர்ப்பாகியிருந்தது. கையில் இருக்கும் பொருளைத் திருப்பச் சொல்லலாம், செலவான கடன் பணத்தைக் கேட்டால் அது கடனை வசூலிப்பதுதான் என்றார்கள். அலகாபாத் நீதிமன்றமும் லாகூரோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி செய்தது. வழக்கில் பிரதிவாதி "எனக்கு ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லை" என்று சொல்லித் தப்பினால், அவன் பெற்ற பலனை, அவனுக்கோ அவன் சொத்துக்கோ எந்த அளவுக்கு நன்மை சேர்ந்ததோ அந்த அளவுக்குத் திருப்பச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இப்போதுதான் விடையின் திருப்புமுனை: பைக் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காத விடைக்கு நான் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் போடுவதில்லை.

பைக் கதிர் வீட்டு வாசலில் நின்றால் விஷயம் சுலபம். 75,000 ரூபாய் கிடைக்காது, ஆனால் வண்டியைத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். கதிர் ஏற்கெனவே கொடுத்த 40,000 ரூபாய் என்ன ஆகும்? அவன் சில மாதம் வண்டியை ஓட்டியிருக்கிறான், வண்டியின் மதிப்பும் குறைந்திருக்கிறது. இரண்டையும் எதிரெதிரே வைத்து நியாயம் பார்ப்பது நீதிபதியின் விருப்புரிமை. விடையில் அதை விருப்புரிமை என்றே எழுத வேண்டும். "கட்டாயம் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதினால் பிரிவைத் தவறாகப் படித்ததாகிவிடும்.

கேள்வித்தாள் கொஞ்சம் குரூரமாக இருந்தால் பிற்சேர்க்கை ஒன்று வரும்: கதிர் பைக்கை 60,000 ரூபாய்க்கு விற்று, 40,000-க்கு லேப்டாப் வாங்கி, 20,000-ஐக் கொடைக்கானலில் நண்பர்களோடு கரைத்துவிட்டான். பழைய ஆங்கிலத் தீர்ப்பின்படி கடைக்காரர் கைவிரிக்க வேண்டியதுதான், அந்த பைக் இப்போது அவனிடம் இல்லை. நம் 33-ஆம் பிரிவு பொருளைத் தேடவில்லை, நன்மையைத் தேடுகிறது. லேப்டாப் அவன் கையில் நிற்கும் நன்மை, அந்த அளவுக்கு உத்தரவு கேட்க வலுவான வாதம் உண்டு. கொடைக்கானல்? அவன் அனுபவித்தான் என்று கடைக்காரர் சொல்வார், கரைந்துபோனது நன்மை ஆகாது என்று கதிர் தரப்பு சொல்லும். இரண்டையும் எழுதி, எது சரி என்று தனக்குப் படுகிறதோ அதைக் காரணத்தோடு சொல்லும் மாணவனுக்கு முழு மதிப்பெண். நான் பயணச் செலவை விட்டுவிடுவேன்.

மிச்சம் இருப்பது ஏப்ரல் தாள். மேஜரான பிறகு தானே கையெழுத்துப் போட்டானே, அது போதாதா? போதாது. மைனராக இருந்தபோது செய்தது தொடக்கத்திலேயே செத்த உடன்பாடு, செத்ததைப் பிற்பாடு யாரும் ஏற்று உறுதிசெய்ய முடியாது. புதிய ஒப்பந்தமாக வைத்துக்கொண்டாலும் அதற்குப் புதிய பிரதிபலன் வேண்டும். பழைய பைக்கைத் தவிர ஏப்ரலில் கடைக்காரர் கதிருக்கு எதையும் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவர் வண்டிக்குப் புது டயர் போட்டுக் கொடுத்து, அதையும் சேர்த்து ஒரே தொகைக்கு எழுதி வாங்கியிருந்தால் எவ்வளவு நிற்கும் என்று இன்னொரு கேள்வி கிளம்பும். அடுத்த வருடத் தாளுக்கு அதைக் குறித்துவைத்திருக்கிறேன்.