சிவப்பு மையில் ஒரு 154

அக்கா மகள் பயிற்சித் தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, ஏழாவது கணக்கு வரல" என்றால், நம் கண் நேரே அந்தக் கணக்குக்குத்தான் போகும். பேனாவை எடுக்கும் முன் படத்தைப் பெரிதாக்கி நாலு மூலையும் பாருங்கள். விடை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்: கேள்வியின் முடிவில் அடைப்புக்குறிக்குள், தாளின் அடியில் தலைகீழாகப் பொடி எழுத்தில், அல்லது திருத்திய ஆசிரியரின் சிவப்பு மையில்.

ஒரு வட்டக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பரப்பளவு கேட்டிருக்கிறார்கள். வட்டத்துக்குள் ஒரு கோடு, மேலே 14 செ.மீ. என்று போட்டிருக்கிறது. தாள் மடிந்த இடத்தில் கோட்டின் மறுபாதி நிழலில் மறைந்துவிட்டது. நாம் 14ஐ ஆரம் என்று எண்ணி, 22/7 × 14 × 14 என்று போட்டால் 616 வரும். பிள்ளையும் பென்சிலில் 616 என்றுதான் எழுதியிருக்கிறாள். "சரியாத்தானே போட்டிருக்கே!" என்று பதில் அனுப்பிவிடுவோம். ஆனால் அந்த 616ஐ அடித்து, பக்கத்தில் சிவப்பில் 154 என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். அவள் கேட்டது விடையையே அல்ல; தன் விடை ஏன் தப்பு என்பதை.

616 என்பது 154இன் சரியாக நாலு மடங்கு. ஆரம் இரட்டித்தால் பரப்பளவு நாலு மடங்காகும். ஆக, பெருக்கலில் பிழை இல்லை. 14 என்பது விட்டம், ஆரம் 7. உங்களுக்கு 153.86 வந்திருந்தால் கதையே வேறு: நீங்கள் பைக்கு 3.14 போட்டிருக்கிறீர்கள், ஆசிரியர் 22/7 போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

சிவப்பில் இருப்பதெல்லாம் விடை என்று நினைத்துவிடவும் கூடாது. பின்னக் கணக்கின் ஓரத்தில் 2/5 என்று இருந்தால், அது ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணாகவும் இருக்கலாம். மற்ற கணக்குகளின் ஓரத்திலும் 5/5, 3/5 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

விடையைக் கண்டபின் இன்னொரு சிக்கல் உண்டு. எப்படியாவது 154 வரவழைக்க வேண்டும் என்று கை தானாக வளையும். அதனால் விடை எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதை மறைத்துவிட்டுத் தனித்தாளில் போட்டுப் பார்ப்பதே என் வழக்கம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டும், பிறகுதான் கணக்கை.

அச்சிட்ட விடையும் தவறலாம். உங்கள் ஏழாவது விடை அவர்களின் எட்டாவது இடத்தில் இருந்தால், அடுத்த இரண்டு கணக்குகளையும் போட்டுப் பாருங்கள். அவையும் ஓர் எண் தள்ளியே நின்றால், விடைப்பட்டியலில்தான் ஒரு வரி நகர்ந்திருக்கிறது. அப்படியானால் உங்கள் செய்முறையோடு தாளை ஆசிரியரிடமே காட்டச் சொல்லுங்கள்.