வாடகை வீட்டு முகவரியில் ஜிஎஸ்டி: ஓனரிடம் என்ன எழுதி வாங்குவது?

நீங்கள் சென்னையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் குடியிருக்கிறீர்கள். குழந்தைகளுக்குப் பருத்தி கவுன் தைத்து விற்கிறீர்கள். இதுவரை அக்கம்பக்கத்தில்தான் விற்பனை. இப்போது பாலக்காட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வருகிறது. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்றால், தொகை சிறியதாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி (சரக்கு, சேவை வரி) பதிவு தேவை. அந்தப் படிவம் தொழில் நடக்கும் முகவரியையும் அதற்கான ஆதாரத்தையும் கேட்கும். அங்கேதான் ஓனரின் தயவு வேண்டியிருக்கிறது.

வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கிறதே, போதாதா? ஒப்பந்தத்தோடு வீடு ஓனருடையது என்று காட்டும் ஒரு தாளும் வேண்டும்: சொத்து வரி ரசீது அல்லது கரண்ட் பில். ஒப்பந்தம் சார்பதிவாளரிடம் பதிவானதாக இல்லாவிட்டால் ஓனரின் அடையாள அட்டை நகலும் சேர வேண்டும். 2025 ஏப்ரலில் மத்திய மறைமுக வரி வாரியம் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தல் இதைத்தான் சொல்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான், அது பதிவாவதும் அபூர்வம். ஆகவே ஓனருக்குத் தெரியாமல் இந்த வேலை நடக்காது.

அப்படியானால் தனியாக ஒரு கடிதம் எதற்கு? உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 'குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்' என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அதைப் பார்த்து அதிகாரி கேள்வி எழுப்பலாம். அதைவிட முக்கியம், நாளைக்கு ஓனரே அந்த வரியைக் காட்டி 'நிபந்தனையை மீறிவிட்டீர்கள், காலி செய்யுங்கள்' என்று சொல்லலாம். ஆட்சேபம் இல்லை என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் (இதைத்தான் என்.ஓ.சி என்கிறார்கள்) இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கடிதம் அதிகாரிக்கு உதவுவதைவிட உங்களுக்குத்தான் அதிகம் உதவும்.

ஓனர் ஏன் தயங்குகிறார்? முதல் பயம் வரி. 'உங்க ஜிஎஸ்டி என் தலையில் விழுமா?' என்பார். விழாது. பதிவு உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் நடக்கிறது. வரிப் பாக்கி வந்தால் அது உங்களுடையது. ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியிருக்க எடுத்த வீட்டின் வாடகையைத் தொழில் செலவாகக் கணக்கில் எழுதினால், அந்த வாடகைக்கு 18 சதவீத வரியை ஓனருக்குப் பதில் நீங்களே கட்ட வேண்டிய நிலை வரலாம். சொந்தக் குடியிருப்புக்காக, சொந்தப் பணத்தில் கொடுக்கும் வாடகைக்கு அந்த வரி இல்லை. அதனால் கடிதத்தில் 'தொழிலுக்காக இவ்வளவு வாடகை' என்று தனியாக எதுவும் எழுதாதீர்கள்.

இரண்டாவது பயம் கரண்ட். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டு இணைப்பை வேறு உபயோகத்துக்குப் பயன்படுத்தியதாக மின்வாரியம் முடிவு செய்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அந்த உபயோகத்துக்கு உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு கேட்கலாம். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குக் கணக்குப் போடலாம். இணைப்பு ஓனர் பெயரில் இருப்பதால் நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். எனவே 'அப்படி ஏதாவது வந்தால் நான் கட்டுகிறேன்' என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். சொத்து வரியைக் கடைக்கான விகிதத்துக்கு மாற்றினால் கூடுதலாக வருவதற்கும் இதே வாக்குறுதி பொருந்தும். மெஷின் நான்கைந்தாகி, ஆள் வைத்துத் தைக்கும் அளவுக்குப் போனால் வாக்குறுதி போதாது. அப்போது தனி இணைப்பு பற்றி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, போர்டு. பதிவு பெற்றவர் தன் ஜிஎஸ்டி எண்ணை வாசலில் பெயர்ப் பலகையில் காட்ட வேண்டும் என்பது விதி. அதிகாரி நேரில் பார்க்கவும் வரலாம். வீட்டு வாசலில் போர்டைப் பார்த்தபின் ஓனருக்குக் கோபம் வருவதைவிட முன்பே சொல்லிவிடுவது நல்லது. மாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி என்று அளவையே சொல்லிக் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது? வாடகை கொடுக்கப் போகும் நாளில் நேரில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். 'சார், கடை எல்லாம் போடலை. ஒரே தையல் மெஷின், கூரியர்காரர் வந்து பார்சல் எடுத்துட்டுப் போவார். கஸ்டமர் யாரும் வீட்டுக்கு வரமாட்டாங்க' என்று, நடக்கப்போவதை மட்டும் சொல்லுங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் விதிகளையும் அவரையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? வெள்ளைத் தாளே போதும். இப்படி எழுதலாம்:

'கீழ்க்கண்ட முகவரியிலுள்ள வீட்டின் உரிமையாளர் நான். வீட்டின் முதல் மாடியில் இன்னார், இந்தத் தேதியிட்ட ஒப்பந்தப்படி வாடகைக்குக் குடியிருக்கிறார். ஒப்பந்தத்தில் குடியிருப்புக்கு மட்டும் என்று இருந்தாலும், அவர் அங்கிருந்து குழந்தைகள் உடை தைத்து விற்கவும், அந்த முகவரியை ஜிஎஸ்டி பதிவுக்கும் தொழில் வங்கிக் கணக்குக்கும் காட்டவும், மாடிக் கதவருகே சிறிய பெயர்ப் பலகை வைக்கவும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் வாடகைக்கு இருக்கும் காலம் வரை மட்டுமே இந்தச் சம்மதம் செல்லும்.'

கீழே வீட்டு முகவரி, தேதி, கையெழுத்து. உங்கள் வாக்குறுதியை வேறொரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். கடிதத்தின் கடைசி வரி ஓனருக்காக. வீட்டின் மேல் உங்களுக்குப் புதிய உரிமை எதுவும் இந்தக் கடிதத்தால் வராது என்று அதைப் படித்தால் அவருக்கே புரியும்.

எங்கே சிக்கும்? பெயரில் சிக்கும். வாடகை வாங்குவது மகன், கரண்ட் பில்லில் இருப்பது காலமான அப்பாவின் பெயர். கையெழுத்தும் பில்லும் பொருந்தாது. மகன் பெயருக்கு மாறிய சொத்து வரி ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாரிசுச் சான்றின் நகலை வாங்குங்கள். அடுத்து, கதவு எண். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். பில்லில் ஒன்று, ஒப்பந்தத்தில் ஒன்று என்றால் கடிதத்தில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் குறை இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் `REG-03` என்ற நோட்டீஸ் வரும். பதில் தர 7 வேலை நாள்தான் அவகாசம். ஓனர் அந்த வாரம் பார்த்து ஊருக்குப் போயிருப்பார். ஆகவே நகல்களை எல்லாம் முதலிலேயே வாங்கி வையுங்கள். அவருடைய அடையாள அட்டை நகலின் மேல் 'ஜிஎஸ்டி பதிவுக்கு மட்டும்' என்று அவர் கையாலேயே எழுதச் சொன்னால், தருவதற்கும் தயங்கமாட்டார்.

முடியவே முடியாது என்கிறாரா? கையெழுத்தை நீங்களே போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது போலி ஆவணம், பதிவும் ரத்தாகும். பெற்றோர் வீடு அதே மாநிலத்தில் இருந்தால், தைப்பதையும் அனுப்புவதையும் உண்மையிலேயே அங்கே மாற்றிக்கொண்டு, அவர்கள் சம்மதக் கடிதத்தோடு அங்கே பதியலாம்.

வீடு மாறும்போது, மாறிய 15 நாளுக்குள் தளத்தில் `REG-14` படிவம் வழியாகப் புதிய முகவரியைக் கொடுத்துவிடுங்கள். புது ஓனரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்.