40-க்கும் 41-க்கும் நடுவே

இஸ்ரேல் அரசுப் பள்ளிகளில் ஒரு வகுப்புப் பிரிவில் 40 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த கணக்கு அது. ஐந்தாம் வகுப்பில் 40 பேர் சேர்ந்தால் ஒரே பிரிவு. 41 பேர் சேர்ந்துவிட்டால் இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 20 பேர் அளவில்தான் இருப்பார்கள்.

பொருளியல் அறிஞர்கள் ஜோஷுவா ஆங்ரிஸ்டும் விக்டர் லேவியும் இந்த விதியை ஆராய்ச்சிக்கு வாய்ப்பாகக் கண்டார்கள். வகுப்பு சிறிதானால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்களா என்பதைச் சாதாரணமாக ஒப்பிட்டு அறிய முடியாது. சிறிய வகுப்புகள் உள்ள பள்ளியும் பெரிய வகுப்புகள் உள்ள பள்ளியும் வசதியிலும் சூழலிலும் வேறுபட்டிருக்கும். ஆனால் 40 பேர் சேர்ந்த பள்ளிக்கும் 41 பேர் சேர்ந்த பள்ளிக்கும் அப்படி என்ன பெரிய வேறுபாடு? ஒரு குழந்தை கூடியது தற்செயல். ஆகவே அந்தக் கோட்டின் இருபுறமும் மதிப்பெண் சட்டென மாறினால், காரணம் வகுப்பின் அளவுதான் என்று சொல்லலாம். இந்த முறைக்கு ‘ரெக்ரஷன் டிஸ்கன்டினியூட்டி’ என்று பெயர். 1991ஆம் ஆண்டுத் தேர்வுகளை வைத்து 1999இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, வகுப்பு சிறிதானால் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் உயர்கிறது என்றது.

இந்த வாதம் முழுக்க ‘தற்செயல்’ என்ற ஒன்றின் மேல் நிற்கிறது. 41ஆவது பெயரை யாராவது வேண்டுமென்றே சேர்த்திருந்தால் அது ஆட்டம் காணும். எனவே இத்தகைய கட்டுரையைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் எழ வேண்டும்: கட்-ஆஃப் எண் யாருக்கு முன்கூட்டியே தெரியும்? அதைத் தாண்டினால் யாருக்கு ஆதாயம்? எண்ணைத் துல்லியமாக மாற்றும் வசதி யார் கையில்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். 60 மதிப்பெண் வாங்கத் துடிக்கும் மாணவர் எவ்வளவு படித்தாலும் 59இலா 60இலா நிற்போம் என்பதைத் தானே முடிவு செய்ய முடியாது; அங்கே தற்செயல் பிழைத்துக்கொள்கிறது. விடைத்தாளைத் திருத்துபவர் 59ஐ 60 ஆக்க முடியும். அங்கே அது செத்துவிடுகிறது.

இஸ்ரேலில் இன்னொரு பிரிவு கிடைத்தால் பள்ளிக்குக் கூடுதல் நிதியும் ஆசிரியரும் கிடைப்பார்கள். மாணவர் எண்ணிக்கையை எழுதி அனுப்புவதோ பள்ளியேதான். வெளிநாடு சென்றுவிட்ட பிள்ளைகளைப் பதிவேட்டில் வைத்திருக்கக் கூடாது, ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பிள்ளைகளை மாற்றிக் கணக்குக் காட்டக் கூடாது என்று கல்வி அமைச்சகமே எச்சரித்திருந்தது.

சந்தேகத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி, எத்தனை பள்ளிகளில் 38 பேர், 39 பேர், 40, 41, 42 பேர் என்று வரிசையாக எண்ணிப் படம் வரைவது. யாரும் தலையிடாவிட்டால் கோட்டைக் கடக்கும்போது உயரம் மெல்லத்தான் மாறும். ஜஸ்டின் மெக்ரேரி 2008இல் இதை முறையான சோதனையாக்கினார். இஸ்ரேலின் பிந்தைய தரவுகளில் 40இல் பள்ளமும் 41இல் மேடும் தெரிந்தன. சிலியில் நிலைமை தலைகீழ். அங்கே வரம்பு 45. கூடுதல் பிரிவுக்கு ஆகும் செலவைத் தவிர்க்க விரும்பிய தனியார் பள்ளிகள் சேர்க்கையை 45இலேயே நிறுத்தின. மேடு கோட்டின் எந்தப் பக்கம் என்பதே யாருக்கு ஆதாயம் என்பதைக் காட்டிவிடுகிறது.

மேடு இருந்தால் மட்டும் ஆய்வு வீணாகிவிடாது. அடுத்ததாக, குடும்ப வருமானம், தாயின் படிப்பு போல விதி தொடவே முடியாத விவரங்கள் கோட்டில் தாவுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சிலியில் தாவின: கோட்டைத் தாண்டிய பள்ளிகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடுதல். அங்கே மதிப்பெண் உயர்ந்தால் அது வகுப்பளவால் என்று சொல்ல வழியில்லை என்று உர்கியோலாவும் வெர்ஹூகனும் 2009இல் காட்டினார்கள். இஸ்ரேலில் அப்படிப்பட்ட தாவல் தென்படவில்லை.

ஆங்ரிஸ்டும் லேவியும் வேறு இருவருடன் சேர்ந்து, 2002 முதல் 2011 வரையிலான தரவுகளோடு 2019இல் மறுபடி வந்தார்கள். பள்ளி எழுதிய எண்ணிக்கையை ஒதுக்கினார்கள். பிறந்த தேதிப்படி ஐந்தாம் வகுப்பில் இருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட்டார்கள். பிறந்த தேதியைத் தலைமையாசிரியரால் மாற்ற முடியாதே! விடை, ஏறக்குறைய பூஜ்யம்: வகுப்பு சிறிதானதால் மதிப்பெண் உயரவில்லை. பதிவேட்டு எண்ணிக்கையை வைத்துப் பார்த்தாலும் அதே பூஜ்யம்தான். ஆக, இங்கே தில்லுமுல்லு முடிவைக் கெடுக்கவில்லை. 1991இன் பலன் ஒருவேளை தற்செயலாக வந்ததாக இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள்.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. பள்ளிகள் குறைவாக இருந்தால் மேடு கண்ணுக்குத் தப்பும். சிலர் கோட்டுக்கு மேலேயும் அதே அளவு பேர் கீழேயும் நகர்த்தப்பட்டிருந்தால் படம் சமமாகவே தோன்றும். அதனால் படத்தை மட்டும் நம்பாமல், அந்த எண்ணை எழுதியவர் யார், விதி அறிவிக்கப்படும் முன்பு எழுதினாரா பின்பு எழுதினாரா என்பதைக் கட்டுரை சொல்கிறதா என்று தேட வேண்டும். அதைச் சொல்லாத கட்டுரையின் முடிவை ஏற்கத் தயங்குவதே நியாயம்.