ரேடாருக்கு வழிவிடும் வைஃபை

வீடியோ அழைப்பு நடுவே வைஃபை மட்டும் ஒரு நிமிடம் மறைந்து திரும்புகிறதா? ரூட்டர் எந்தச் சேனலில் இருக்கிறது என்று பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை வானிலை ரேடார்களும் ராணுவ ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அங்கே அவற்றுக்கே முன்னுரிமை.

100-ஆம் சேனலில் ரேடார் துடிப்பு கேட்டால், ரூட்டர் 10 விநாடிக்குள் வெளியேறி, 30 நிமிடம் அங்கே திரும்பக்கூடாது. புதிதாகத் தாவும் இடமும் ரேடார் சேனலென்றால், முதலில் 60 விநாடி ஒலிபரப்பாமல் கவனிக்க வேண்டும். அந்த நிமிடம்தான் நமக்குத் துண்டிப்பு. சில ரூட்டர்கள் வேறு இரைச்சலையும் ரேடார் என்று தவறாக எடுத்துக்கொள்கின்றன.

ரூட்டர் பதிவேட்டில் "DFS", "radar detected" என்றிருந்தால் காரணம் உறுதி. 36-ஆம் சேனலுக்கு மாற்றி, அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 160 வைத்தால் அது 64 வரை நீண்டு, மறுபடி ரேடார் பகுதிக்குள் போய்விடும்.